லிங்க் இருந்தால் நீங்களும் சொந்தக்காரர்தான்!

கூகுள் டிரைவில் ‘Anyone with the link’ என்று போட்டிருக்கிறதே, அந்த ‘Anyone’ யார்?
— ஒரு வாசகர், விழுப்புரம்

நீங்கள் லிங்க் அனுப்பிய மைத்துனர். மைத்துனர் அதைப் போட்ட வாட்ஸ்ஆப் குழு. அந்தக் குழுவில் சண்டை போட்டுக்கொண்டு போன வருஷமே வெளியேறியவர். வெளியேறியது அவர்தான், அவர் போனில் இருக்கிற பழைய செய்தி எங்கேயும் போகவில்லை. அவர் போனை வாங்கி கேம் விளையாடும் பையன். இவர்களில் ஒருவருக்கும் ஜிமெயில் கணக்குகூட வேண்டாம்.

யார் வந்தார்கள் என்று கூகுள் பெயரும் கேட்காது. கணக்கில்லாமல் வருகிறவரை ஷீட்டின் மேல் மூலையில் ஒரு விலங்குப் படமாகக் காட்டும், ‘Anonymous’ என்ற அடைமொழியோடு. அவர் போனதும் படமும் போய்விடும். சாதாரண ஜிமெயில் கணக்கில் ‘நேற்று இரவு யார் பார்த்தது’ என்று திரும்பிப் பார்க்க வழி இல்லை. ஆகவே ‘இதுவரை யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை’ என்று யாராவது சொன்னால், அதற்கு அர்த்தம் தெரியவில்லை என்பது மட்டும்தான்.

லிங்க் முழம் நீளத்துக்குக் கண்டபடி எழுத்தும் எண்ணுமாக இருக்கிறது. அதை யாரால் ஊகிக்க முடியும்?
— கல்லூரி மாணவர், திண்டிவனம்

யாராலும் முடியாது. யாரும் அதற்கு முயலவும் மாட்டார்கள். ஃபார்வர்டு பொத்தான் இருக்கும்போது ஊகம் எதற்கு?

2018 ஜூலையில் ரஷ்யாவின் யாண்டெக்ஸ் தேடுபொறியில் முன்பின் தெரியாதவர்களின் கூகுள் டாக் கோப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. யாரும் எதையும் உடைக்கவில்லை. எல்லாம் அவரவர் தாங்களே லிங்க் மூலம் திறந்து வைத்திருந்தவை. அந்த லிங்க் பொதுவான ஏதாவது ஒரு பக்கத்தில் ஒட்டப்பட்டால் போதும், தேடுபொறி மோப்பம் பிடித்துவிடும்.

ஜப்பானில் ஏடீம் என்று ஒரு கேம் நிறுவனம். 2017 மார்ச் முதல் 2023 நவம்பர் வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட டிரைவ் கோப்புகள் ‘Anyone with the link’ என்றே கிடந்திருக்கின்றன. உள்ளே ஒன்பது லட்சத்துக்கும் அதிகமானவர்களின் விவரம். கணினியே தொழிலாக உள்ளவர்களுக்கே இதைக் கவனிக்க ஆறரை வருஷம் ஆகியிருக்கிறது.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் மழைக்குப் பிறகு மயிலம், திண்டிவனம் பக்கக் கிராமங்களுக்கு அரிசியும் பாயும் கொண்டுபோன நண்பர்கள் குழு நாங்கள். அவசரத்தில் ஒரு டிரைவ் ஃபோல்டர் போட்டு, லிங்க் வைத்திருக்கும் எல்லோரும் திருத்தலாம் என்று விட்டோம். பெயர், போன், ரேஷன் கார்டு போட்டோ எல்லாம் அதில் இருக்கிறது. நேற்று ஒருவர் பழைய லிங்க்கைத் தட்டினாராம், சட்டென்று திறந்துகொண்டதாம். எங்கிருந்து ஆரம்பிப்பது?
— பள்ளி ஆசிரியை, திண்டிவனம்

மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டிய நேரத்தில் அதைத் திறந்து விட்டதில் தப்பே இல்லை. 2015 சென்னை வெள்ளத்திலும் எல்லோரும் எழுதக்கூடிய திறந்த ஷீட்டுகள்தான் யாருக்குச் சோறு, யாருக்குப் படகு என்று ஊரைக் கோத்தன. ஆனால் 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன், படுக்கைப் பட்டியல்கள் போன் எண்களோடு சுற்றியபோது, உதவப் போன பெண்கள் பலருக்கு அந்த எண்ணிலேயே ஆபாச அழைப்புகள் வந்தன. வெள்ளம் வடிந்த பிறகும் ஷீட் திறந்தே இருக்க ஒரு காரணமும் இல்லை.

நீங்கள் சொன்னதை வைத்து, அந்த ஃபோல்டருக்குள் நாலு சாமான் இருக்கும் என்று நினைக்கிறேன்: பயனாளிகள் ஷீட், கூகுள் ஃபார்ம், ஃபார்ம் வழியாக வந்த கார்டு போட்டோக்கள், அரிசிக் கடை பில்கள். கணினியில் உட்காருங்கள். உங்கள் சொந்தக் கணினி அல்லது நம்பகமான ஒருவருடையது. பிரவுசிங் சென்டரில் இந்த வேலையைச் செய்தால் ஓட்டையை அடைக்கப் போய் இன்னொன்று போட்டுவிட்டு வருவீர்கள்.

முதலில் ஃபோல்டர். வலது சொடுக்கு, Share. வரும் பெட்டியின் கீழ்ப்பகுதியில் General access என்று இருக்கும். அங்கே Anyone with the link என்பதை Restricted ஆக்குங்கள். ஃபோல்டரை முதலில் மூடச் சொல்வதற்குக் காரணம், உள்ளே இருக்கும் கோப்புகள் ஃபோல்டரின் அனுமதியை வாரிசாகப் பெற்றவை. கீழே இருக்கும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போய், மேலே ஃபோல்டர் திறந்தே இருந்தால் உழைப்பு வீண்.

அடுத்து ஷீட். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஃபோல்டரை மூடியதும் எல்லாம் மூடியது என்று எழுந்து போய்விடுவார்கள். ஆனால் அந்த வாரத்தில் யாரோ ஒருவர் ஷீட்டை மட்டும் தனியாகத் திறந்து அதன் லிங்க்கைக் குழுவில் போட்டிருப்பார். அது ஷீட்டின் சொந்த அனுமதி, ஃபோல்டரிடமிருந்து வந்ததல்ல. ஃபோல்டரை மூடினாலும் அது அப்படியே இருக்கும். எனவே ஷீட், ஃபார்ம், பில் என்று ஒவ்வொன்றின் Share பெட்டியையும் திறந்து, General access வரியைக் கண்ணால் பாருங்கள். கோப்புப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் வரும் இரண்டு தலை அடையாளத்தை நம்ப வேண்டாம். இரண்டு பேருக்கு மட்டும் கொடுத்திருந்தாலும் அதே படம், ஊருக்கே கொடுத்திருந்தாலும் அதே படம்.

பிறகு போட்டோக்கள். ஃபார்மில் படம் பதிவேற்றும் கேள்வி வைத்தால், கூகுள் அந்தப் படங்களுக்காக, ஃபார்மை உருவாக்கியவரின் டிரைவில் தானாகவே ஒரு ஃபோல்டர் போடும். பெயரின் முடிவில் (File responses) என்று இருக்கும். பிறக்கும்போது அது மூடியேதான் பிறக்கிறது. ஆனால் ‘எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும்’ என்று ஒழுங்கு விரும்பி ஒருவர் அதை இழுத்து உங்கள் திறந்த ஃபோல்டருக்குள் போட்டிருப்பார். அந்த நொடியே அத்தனை ரேஷன் கார்டும் தெருவுக்கு வந்தாயிற்று. உங்கள் கேள்வியைப் பார்த்தால் அதுதான் நடந்திருக்கிறது. அதை வெளியே எடுத்து, தனியாக வையுங்கள். இன்னும் நல்லது, உதவி கொடுத்து முடிந்த பிறகு அந்தப் படங்கள் எதற்கு என்று குழுவில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அழியுங்கள்.

கடைசியாக, பெட்டியின் மேல் மூலையில் இருக்கும் பல்சக்கரம். அதற்குள் எடிட்டர்கள் அனுமதியை மாற்றலாம், பிறருக்குப் பகிரலாம் என்று ஒரு வரி இருக்கும். டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் காலையில் மூடியதை, ‘யாருக்கோ திறக்கலியாம்பா’ என்று உங்கள் குழுவின் பரோபகாரி ஒருவர் மாலையில் திறந்துவிடுவார். நல்ல எண்ணத்தோடுதான்.

மூடிவிட்டேன். உண்மையிலேயே மூடியதா என்று எப்படித் தெரியும்?
— அதே ஆசிரியை (மறு தபால்)

உங்கள் பிரவுசரில் அந்த லிங்க்கைத் தட்டிப் பார்த்து ‘ஐயோ, இன்னும் திறக்கிறதே’ என்று அலற வேண்டாம். நீங்கள் உரிமையாளர், உங்களுக்கு என்றைக்கும் திறக்கும். குரோமில் இன்காக்னிட்டோ ஜன்னல் திறந்து, எந்தக் கணக்கிலும் நுழையாமல், வாட்ஸ்ஆப்பில் அன்று சுற்றிய அதே பழைய லிங்க்கை ஒட்டுங்கள். கணக்கில் நுழையச் சொன்னால் மூடியிருக்கிறது. ஷீட் தெரிந்தால் இல்லை. ஃபோல்டர், ஷீட், ஒரு போட்டோ என்று மூன்றுக்கும் செய்யுங்கள். ஒன்று மூடியிருப்பதால் மற்றவையும் மூடியிருக்கும் என்பது கிடையாது.

என் டிரைவில் ஏழு வருஷக் குப்பை. எதெது திறந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் பேரன் கல்யாணத்துக்குத்தான் முடியும். மொத்தமாகப் பட்டியல் எடுக்க முடியாதா?
— ஓய்வுபெற்ற எழுத்தர், விழுப்புரம்

முடியும் ஐயா. முதலில் ஒரு தவறான வாசலை மூடிவிடுகிறேன். இடப்பக்கம் Shared with me என்று இருக்கிறதே, அது மற்றவர்கள் உங்களுக்குக் கொடுத்தவை. நீங்கள் ஊருக்குக் கொடுத்தவை அங்கே வராது. பலர் அதைப் பார்த்துவிட்டு ‘நான் சுத்தம்’ என்று சான்றிதழ் வாங்கிக்கொள்கிறார்கள்.

கணினியில் script.google.com போய், New project தட்டி, அங்கே இருப்பதை அழித்துவிட்டு இதை ஒட்டுங்கள்:

```
function openLinks() {
  var q = "visibility = 'anyoneWithLink' " +
          "and 'me' in owners and trashed = false";
  var f = DriveApp.searchFiles(q);
  while (f.hasNext()) {
    var x = f.next();
    console.log(x.getName() + " | " + x.getUrl());
  }
}
```

சேமித்து, Run தட்டினால் அனுமதி கேட்கும். ‘இந்தச் செயலியை கூகுள் சரிபார்க்கவில்லை’ என்று ஒரு மிரட்டல் திரையும் வரலாம். எழுதி ஓட்டுவது நீங்களேதான் என்பதால் Advanced வழியாகத் தாண்டிப் போகலாம். ஆனால் யூடியூபில் யாரோ கொடுத்த ஐந்நூறு வரி நிரலுக்கு இதே தைரியத்தைக் காட்ட வேண்டாம். அது உங்கள் டிரைவ் முழுக்க அனுமதி கேட்கிறது என்பதை மறக்கக் கூடாது. மேலே இருப்பது ஒன்பது வரி. படித்துப் பார்த்தால் பெயரையும் முகவரியையும் எழுதிக் காட்டுவதைத் தவிர எதையும் தொடவில்லை என்று தெரியும். மூடும் வேலையையும் நிரலிடமே விடலாமே என்பார் பேரன். விட வேண்டாம். எதை மூட வேண்டும் என்பது உங்களுக்குத்தான் தெரியும், அதற்குத் தெரியாது.

இது கோப்புகளை மட்டும் காட்டும். searchFiles என்ற இடத்தில் searchFolders என்று மாற்றி இன்னொரு முறை ஓட்டினால் ஃபோல்டர்கள் வரும். மூடும்போது ஃபோல்டர் பட்டியலில் ஆரம்பியுங்கள், காரணத்தை மேலே ஆசிரியைக்குச் சொல்லியிருக்கிறேன். ஏழு வருஷக் குப்பை பெரிதாக இருந்து ஆறு நிமிடத்தைத் தாண்டினால் கூகுள் ஓட்டத்தைப் பாதியில் நிறுத்திவிடும். அதற்குள் வந்ததை மூடிவிட்டு மறுபடி ஓட்டினால், மூடியவை பட்டியலிலிருந்து கழிந்து மீதி வரும்.

நம்புவதற்கு முன் ஒரு சோதனை. ஒரு வெற்று டாக் கோப்பை வேண்டுமென்றே திறந்து வைத்துவிட்டு ஓட்டுங்கள். அது பட்டியலில் வந்தால் நிரல் பார்க்கிறது என்று அர்த்தம். புதுக் கோப்பு தேடலில் ஏற ஒரு சில நிமிடம் பிடிக்கலாம், பொறுங்கள்.

அந்த நிரலை ஓட்டினேன். எங்கள் குழு ஃபோல்டரில் திறந்து கிடக்கும் பாதிக் கோப்புகள் பட்டியலில் வரவே இல்லை. நிரல் பொய் சொல்கிறதா?
— கணினி ஆசிரியர், செஞ்சி

நிரல் சொல்வது உண்மை, நீங்கள் கேட்டது பாதி. 'me' in owners என்ற துண்டைப் பாருங்கள். உங்கள் பெயரில் இருக்கும் கோப்புகளை மட்டும் தேடு என்கிறது. பொது ஃபோல்டரில் யார் பதிவேற்றினாரோ அவர்தான் அந்தக் கோப்பின் உரிமையாளர். நீங்கள் ஃபோல்டரைத் தொடங்கியவர் என்பதால் அது உங்களுடையதாகிவிடாது. ஃபோல்டரைத் திறந்து பட்டியல் வடிவில் பார்த்தால் Owner என்ற கட்டத்தில் பெயர் தெரியும். அந்தந்த ஆளைக் கூப்பிட்டு அவரவர் கணக்கில் ஓட்டச் சொல்லுங்கள். அதில் ஒருவர் துபாய் போயிருப்பார், இன்னொருவர் கடவுச்சொல்லை மறந்திருப்பார். அதற்கு என்னிடம் நிரல் இல்லை.

குப்பைத் தொட்டியையும் பாருங்கள். trashed = false என்றதால் அதை நிரல் எட்டிப் பார்க்காது. நீங்கள் Bin-க்கு அனுப்பிய கோப்பு நிரந்தரமாக அழியும்வரை, பகிரப்பட்டவர்களால் பார்க்க முடியும். தானாக அழிய முப்பது நாள் ஆகும். ரேஷன் கார்டு படங்களை ‘அழித்துவிட்டோம்’ என்று சொல்வது, தொட்டியைக் காலி செய்த பிறகுதான் உண்மை.

லிங்க்கை ஒரு தடவை மூடிவிட்டால் பழைய லிங்க் செத்துவிடும்தானே? நாளைக்குத் தேவைப்பட்டால் மறுபடி திறந்துகொள்ளலாம் அல்லவா?
— தன்னார்வலர், மரக்காணம்

சாகாது, மயங்கிக் கிடக்கும். டிரைவில் கோப்பின் லிங்க் என்பது கோப்பின் அடையாள எண்தான். மூடும்போது எண் மாறுவதில்லை. அடுத்த வருஷம் இன்னொரு புயலுக்கு அதே ஷீட்டை நீங்கள் புதிதாகத் திறந்தால், 2024-ல் லிங்க் வாங்கிய அத்தனை பேருக்கும் சேர்த்தே திறக்கும். அவர்கள் விரல் ஒன்றும் அசைக்க வேண்டாம்.

லிங்க் அளவுக்கு மேல் சுற்றிவிட்டது என்று தோன்றினால், File மெனுவில் Make a copy செய்து, புதிய நகலில் வேலையைத் தொடருங்கள். நகலுக்குப் புது எண். பழையதை அழித்துத் தொட்டியையும் காலி செய்யுங்கள். நகலெடுக்கும்போது அதே ஆட்களுக்குப் பகிரவா என்று ஒரு கட்டம் கேட்கும். பழக்கதோஷத்தில் டிக் போட்டுவிடாதீர்கள். இன்னொன்று, ஃபார்முடன் இணைந்த ஷீட் என்றால் புதிய பதில்கள் பழையதற்கே போய்க்கொண்டிருக்கும். ஃபார்மில் பதில்கள் வாங்குவதை முதலில் நிறுத்துங்கள்.

ஒன்டிரைவ் இதில் வேறு ஜாதி. அங்கே ஒரே கோப்புக்கு நாலு லிங்க் போடலாம், ஒவ்வொன்றையும் Manage access-ல் தனித்தனியாக நீக்கலாம். நீக்கியது நீக்கியதுதான், புதிதாகப் போட்டால் வேறு லிங்க் வரும். வசதிதான். ஆனால் நாலில் மூன்றை நீக்கிவிட்டு ‘முடிந்தது’ என்று தூங்கப் போவோருக்கும் அதே வசதி.

ஷீட்டை மூடிவிட்டோம், ஃபார்மையும் பார்த்துவிட்டோம். இன்னும் ஒருவர், ‘உங்க லிஸ்ட்ல எங்க ஊர்க்காரங்க போன் நம்பர் எல்லாம் தெரியுதே’ என்கிறார். எப்படி?
— தன்னார்வலர், மயிலம்

இரண்டு பொந்துகளில் ஒன்றாக இருக்கும். ஃபார்மின் Settings பக்கத்தில், Presentation பகுதியில் View results summary என்று ஒரு சொடுக்கி உண்டு. அது ஆன் ஆகியிருந்தால், ஃபார்மை நிரப்பியவருக்கு முடிவில் மற்றவர்களின் பதில்களையும் பார்க்கும் வழி கிடைக்கும். கல்யாணத்துக்கு சைவமா அசைவமா என்று கேட்கும் ஃபார்முக்கு அது நல்லது. போன் எண் கேட்ட ஃபார்முக்கு ஒரு வரிசை எண்கள்.

இரண்டாவது, ஷீட்டின் File மெனுவில், Share-க்குள் Publish to web. அந்தப் பரபரப்பான வாரத்தில் யாராவது ‘லைவாகக் காட்டலாம்’ என்று அதைத் தட்டியிருப்பார். இது Share பெட்டிக்குக் கட்டுப்பட்டதல்ல. General access-ல் Restricted என்று இருக்கும், வெளியிட்ட பக்கம் பாட்டுக்கு வேறு முகவரியில் தெரிந்துகொண்டிருக்கும். மேலே கொடுத்த நிரலும் இதைக் கண்டுபிடிக்காது. Publish to web-ஐத் திறந்து Stop publishing அழுத்தினால்தான் நிற்கும். உங்கள் விஷயத்தில் ‘ஊர்க்காரங்க எல்லாருடையதும்’ தெரிகிறது என்பதால் எனக்குச் சந்தேகம் இதன் மேல்தான்.

பஞ்சாயத்தில் எந்தக் கிராமத்துக்கு எவ்வளவு போனது என்று காட்டச் சொல்கிறார்கள். போன், கார்டு எண் கட்டங்களை Hide செய்துவிட்டு ஷீட்டைத் திறந்து விடலாமா?
— குழுவின் கணக்குப் பிள்ளை, திண்டிவனம்

கூடவே கூடாது. மறைத்த கட்டம் உங்கள் கண்ணுக்குத்தான் மறைவு. பார்க்க மட்டும் அனுமதி பெற்றவர்கூட Make a copy செய்தால், நகலுக்கு அவர் உரிமையாளர். அங்கே Unhide ஒரு சொடுக்குதான்.

புதிதாக ஒரு வெற்று ஷீட் தொடங்குங்கள். கிராமம், குடும்பங்களின் எண்ணிக்கை, அரிசி எத்தனை கிலோ, பாய் எத்தனை என்று நாலே கட்டம். எண்களை Paste special-ல் Values only கொடுத்து ஒட்டுங்கள். அந்தப் புதிய ஷீட்டை Viewer அனுமதியோடு தைரியமாக ஊருக்கே திறந்து விடுங்கள். கணக்கு வெளியே தெரியத்தான் வேண்டும். கணக்கோடு சேர்த்து ஒரு பாட்டியின் ரேஷன் கார்டு எண் தெரிய வேண்டியதில்லை.

பட்டியலில் ஆதார் எண்ணும் வாங்கியிருந்தோம். ஏதும் சட்டச் சிக்கல் வருமா?
— பெயர் வேண்டாம், வானூர்

பெயர் வேண்டாம் என்று உங்களுக்கு வந்த எச்சரிக்கை அந்தப் பட்டியல்காரர்களுக்கும் கிடைத்திருக்கலாம்! 2016 ஆதார் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடக் கூடாது என்கிறது. அரிசி மூட்டை கொடுக்க முழு எண் எதற்கு? ஒரே ஆள் இரண்டு முறை வாங்காமல் இருக்கத்தானே வாங்கினீர்கள். அதற்குக் கடைசி நாலு இலக்கமும் ஊர்ப் பெயரும் தாராளம். ஆதார் தளத்திலேயே முதல் எட்டு இலக்கங்களை மறைத்த அட்டையை இறக்கிக்கொள்ள வசதி இருக்கிறது. இப்போது செய்ய வேண்டியது, அந்தக் கட்டத்தையே ஷீட்டிலிருந்து அழிப்பது. ஆனால் Version history-யில் பழைய பதிப்பு இருக்கும், எடிட்டர்களால் அதைத் திறக்க முடியும். ஆகவே அழித்த பிறகு நகலெடுத்து, நகலை வைத்துக்கொண்டு மூலத்தை ஒழியுங்கள். நகலுக்குப் பழைய பதிப்புகள் கூட வராது.

டிஎன்பிஎஸ்சி படிக்கும் பிள்ளைகளுக்காக என் குறிப்புகளை எல்லாம் டிரைவில் திறந்து வைத்திருக்கிறேன். அதையும் மூட வேண்டுமா?
— பயிற்சியாளர், விழுப்புரம்

வேண்டாம். சங்க கால மன்னர்கள் யாரும் போன் எண் கொடுத்துவிட்டுப் போகவில்லை. Editor என்று இருந்தால் மட்டும் Viewer ஆக்குங்கள். இல்லையென்றால் ஒரு நாள் காலையில் கரிகாலனுக்குப் புதுத் தந்தை வந்திருப்பார். ஆனால் அதே ஃபோல்டரில் ‘ஃபீஸ் கட்டியவர்கள்’ என்று ஒரு ஷீட் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் இருக்கும்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்க லிங்க் திறந்து அனுப்பினேன். வீட்டுக்கு வந்து மூடிவிட்டேன். போதுமா?
— வாசகி, விக்கிரவாண்டி

இனிமேல் திறப்பதற்குப் போதும். கடைக் கணினியின் Downloads ஃபோல்டரில் இறங்கிய பிரதிக்குப் போதாது. உங்களுக்கு முன் வந்தவரின் ஜாதகமும், அவருக்கு முன் வந்தவரின் பட்டாவும் அங்கே கிடந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை பிரிண்ட் வந்ததும், ‘அண்ணே, அந்த ஃபைலை டெலீட் பண்ணிடுங்க’ என்று நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

மூடியதிலிருந்து ஒரே தொல்லை. ‘அணுகல் வேண்டும்’ என்று மின்னஞ்சலாக வந்து குவிகிறது. எல்லோருக்கும் கொடுத்துவிடவா?
— மீண்டும் திண்டிவனம் ஆசிரியை

நல்ல தொல்லை. இதுவரை யாரெல்லாம் அந்த லிங்க்கைத் தட்டிக்கொண்டிருந்தார்கள் என்று இப்போதுதான் உங்களுக்குத் தெரிகிறது. மூடிய கோப்பைத் தட்டி Request access அழுத்துகிறவரின் மின்னஞ்சல் முகவரி உங்களுக்கு வந்துவிடும். விலங்குப் படத்துக்குப் பதிலாக ஒரு முகவரி.

அவசரப்பட்டு எதையும் அழுத்த வேண்டாம். முகவரியைப் பார்த்து ஆள் யாரென்று தெரிந்தால், அவருக்கு அந்த முழு ஷீட் எதற்கு என்று போனில் ஒரு வார்த்தை கேளுங்கள். பாதிப் பேருக்குத் தேவைப்படுவது கிராமக் கணக்கு மட்டும்தான், அவர்களுக்குக் கணக்குப் பிள்ளையின் நாலு கட்ட ஷீட்டை அனுப்பிவிடுங்கள். இன்னும் வேலை பாக்கி இருக்கிற இரண்டு மூன்று பேருக்கு, அவர்கள் முகவரியைப் போட்டு Viewer கொடுங்கள். தெரியாத முகவரியா? பதில் போட வேண்டிய அவசியமே இல்லை. கோரிக்கை அப்படியே கிடக்கட்டும், அது தானாக எதையும் திறக்காது.